ஸ்பினாச்சும் இடம்மாறிய தசமப் புள்ளியும்: அடிக்குறிப்பை அப்படியே எடுக்கலாமா?

இளமாறன்: "ஸ்பினாச்சில் இரும்புச்சத்து மிகுதி என்ற நம்பிக்கை, ஜெர்மானிய ஆய்வாளர்கள் தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்ததால் பிறந்தது" என்று ஓர் இணையப் பக்கத்தில் படித்தேன். அடிக்குறிப்பில் 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கட்டுரை ஒன்று இருக்கிறது. அந்த அடிக்குறிப்பையே என் கட்டுரையில் எடுத்துப் போடலாமா?

தேன்மொழி: தாராளமாகப் போடலாம். புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழில் வெளிவந்ததை நாம் மீண்டும் சோதிப்பது வீண்வேலை. இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டினால்தான் குறை.

ஏட்டுச்சுவடி: நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன், அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறேன். அதை எழுதியவர் டெரன்ஸ் ஹாம்ப்ளின். அறிவியலில் நடந்த மோசடிகளைப் பற்றிச் சற்று வேடிக்கையாக எழுதப்பட்டு, டிசம்பர் இதழில் வந்த கட்டுரை அது. ஸ்பினாச் அதில் ஓர் உதாரணமாக மட்டும் வந்து போகிறது. 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் மறுபடி ஆராய்ந்து, முன்னவர்கள் புள்ளியை இடம்மாற்றியதால் அளவு பத்து மடங்கு கூடிப்போனதைக் காட்டினார்கள் என்கிறார் ஹாம்ப்ளின். எந்த வேதியியலாளர், எந்த ஆண்டு, எந்த இதழ் என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. அந்த வாக்கியத்துக்கு மேற்கோளும் கிடையாது. ஆகவே உங்கள் அடிக்குறிப்பு நிறுவுவது, 1981இல் ஹாம்ப்ளின் அப்படிச் சொன்னார் என்பதை மட்டுமே. புள்ளி இடம்மாறியதற்கு அது சான்றாகாது.

பின்னர் பிரிட்டிஷ் குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் பழைய நூல்களைத் தேடிப் படித்து, அப்படி ஒரு புள்ளிப் பிழை நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2010இல் எழுதினார். ஆய்வாளர்கள் மூலத்தைப் பார்க்காமலே ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டி இந்தக் கதையை வளர்த்த விதத்தை 2014இல் ஓலே பியோர்ன் ரெக்டால் தனிக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்.

மலர்விழி: எனக்கு ஹீமோகுளோபின் குறைவு. அப்படியானால் ஸ்பினாச் சாப்பிடுவதை நிறுத்திவிட வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: தமிழில் அதைப் பசலைக்கீரை என்று எழுதுகிறார்களே, பசலை கொடியாகப் படர்வதாயிற்றே?

ஏட்டுச்சுவடி: உணவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், இங்கே பேசுவது மேற்கோளைப் பற்றி. ஆனால் இரண்டாவது கேள்வி மிகச் சரியானது. கொடிப் பசலை வேறு தாவரம், ஸ்பினாச் வேறு. மொழிபெயர்ப்பில் பெயர் மாறினால் எண்ணும் தவறான செடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூலத்தில் உள்ள தாவரவியல் பெயரைப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

தேன்மொழி: மேற்கோள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து மடங்கு என்பது வெறும் கற்பனையாகவும் இருக்க முடியாது. பச்சை ஸ்பினாச்சில் நூறு கிராமுக்குச் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 91 கிராம் தண்ணீர். உலர்த்தினால் எஞ்சும் ஒன்பது கிராமில் அதே 2.7 மில்லிகிராம் இருக்கும். அதாவது உலர்ந்த கீரை நூறு கிராமுக்கு 30 மில்லிகிராம். உலர்ந்ததன் அளவைப் பச்சைக் கீரையின் அளவாக யாரோ படித்துவிட்டார்கள் என்றால் கணக்கு நேராகிறதே?

ஏட்டுச்சுவடி: கணக்கு சரி, அது நடந்திருக்கக்கூடியதும்தான். ஆனால் இளமாறன் எழுதப்போவது கீரையின் இரும்பைப் பற்றி அன்று, பிழை எப்படி நேர்ந்தது என்பதைப் பற்றி. அதற்குப் பழைய அட்டவணையை எடுத்து, அதன் தலைப்பில் பச்சை எடையா உலர் எடையா என்று எழுதியிருப்பதையும், பின்னால் வந்தவர் அதே எண்ணை எந்தத் தலைப்பின்கீழ் படியெடுத்தார் என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்திவருவதாலேயே ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. புள்ளிக் கதையும் அழகாகப் பொருந்தியதால்தான் பரவியது.

இளமாறன்: அந்தப் பழைய அட்டவணை உள்ள ஜெர்மன் நூல் எனக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் படிக்க முடியாது. பிறகு என்ன செய்வது?

ஏட்டுச்சுவடி: எதைப் படித்தீர்களோ அதைச் சொல்லுங்கள். "புள்ளி இடம்மாறியது" என்று உங்கள் குரலில் எழுதாமல், "ஹாம்ப்ளின் 1981இல் ஆதாரம் காட்டாமல் இவ்வாறு கூறினார், சட்டன் 2010இல் அதை மறுத்தார்" என்று எழுதுங்கள். பழைய எண்ணைச் சட்டன் வழியாகத்தான் அறிந்தீர்கள் என்றால், சட்டன் எடுத்துக்காட்டியபடி என்று குறிப்பிடுங்கள். திறக்காத நூலைத் திறந்ததுபோல் அடிக்குறிப்பில் நிறுத்துவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

தேன்மொழி: இப்படி ஒவ்வொரு வரிக்கும் வேர் தேடினால் எந்தக் கட்டுரையும் முடியாது.

ஏட்டுச்சுவடி: ஒவ்வொரு வரிக்கும் நானும் தேடுவதில்லை. என் வாதம் எந்த எண்ணின்மேல், எந்தக் காரணத்தின்மேல் நிற்கிறதோ அதற்கு மட்டும் தேடுவேன்.

தேன்மொழி: எது அப்படிப்பட்டது என்பது எழுதி முடித்த பிறகுதானே தெரிகிறது?

இளமாறன்: எனக்கு இது முதல் பத்தியின் முதல் வரி. ஹாம்ப்ளின் கட்டுரையை வரவழைக்க நூலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.