சூரை மீன் கேள்விக்கு ஒரு விளக்கம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படிக்கிறேன். பருப்பில் கல், பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் மாதிரியான கேள்விகளில் தடுமாற்றம் இல்லை. மாதிரித் தாளில் ஒரு கேள்விதான் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

சூரை மீன் ஐஸ் இல்லாமல் நான்கு மணி நேரம் வெயிலில் கிடக்கிறது. பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டுக் குழம்பு வைக்கிறார்கள். சாப்பிட்ட ஆறு பேருக்கும் அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு. இது எந்த வகை அபாயம்?

ஒவ்வாமை என்று குறித்தேன், தவறு. ஒவ்வாமை என்றால் மீன் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்குத்தான் வரும். அவருக்கு அன்று பிடித்த மீனிலும் வரும். இங்கே ஆறு பேருக்கும் வந்திருக்கிறது. பாக்டீரியா பெருகி மீனில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிட்டது. கொதித்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அழியாது. அதனால் விடை வேதியியல் அபாயம்.

சரி, ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சும் கொதிக்கவைத்தால் எளிதில் அழியாது. அதை மட்டும் உயிரியல் அபாயம் என்கிறது அதே விடைத்தாள். இரண்டையும் உண்டாக்குவது பாக்டீரியாதானே? கேள்வியில் எதைப் பிடித்து இவற்றைப் பிரிப்பது? தேர்வு எழுதியவர்கள், மீன் பதப்படுத்தும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் யாராவது விளக்குங்களேன்.