கஜா திரும்ப வருமா?

திசைமானி: "புயல் பெயர்ப் பட்டியல் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை சுத்தி வரும். 2018ல வந்த கஜா மறுபடி வரும், பாத்துக்கிட்டே இருங்க."

நெய்தலன்: வராது. அட்லாண்டிக் கணக்கை வங்கக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே ஆறு பட்டியல், வருஷத்துக்கு ஒன்று, ஏழாவது வருஷம் முதல் பட்டியல் மறுபடி வரும். 2005 கத்ரீனா மாதிரி பேரழிவு செய்த பெயரை மட்டும் நீக்கிவிடுவார்கள். நம் பக்கம் ஒரு பெயர் ஒரே ஒரு முறைதான்.

திசைமானி: சுத்தி வரும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

நெய்தலன்: அட்லாண்டிக்கில் என்று எழுதியிருக்கிறேன். நம் பக்கம் சுற்றுவது பெயர் இல்லை, நாடு. கஜா இலங்கை கொடுத்தது. அடுத்த புயலுக்குத் தாய்லாந்தின் பெய்ட்டி. அதோடு அந்தச் சுற்று முடிந்து மறுபடி வங்கதேசம், ஃபானி. பிறகு இந்தியா, வாயு. இப்படி எட்டு நாடுகளின் 64 பெயரும் 2004 ஓனிலில் தொடங்கி 2020 மே மாதம் அம்பனோடு தீர்ந்தன. சுற்றி வருவதாக இருந்தால் அம்பனுக்கு அடுத்து ஓனில்தானே வந்திருக்க வேண்டும்? வந்தது நிசர்கா. 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த 169 பெயர் கொண்ட புதுப் பட்டியலின் முதல் பெயர்.

திசைமானி: ஒரு தடவை புதுசா போட்டதால அதுவே சட்டமா? 169ம் தீர்ந்தா அப்புறம் என்ன, பெயருக்கு எங்க போவாங்க? பழசுதான் வரும்.

முத்துச்சிப்பி: சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. என் மகள் பெயரை ஒரு புயலுக்கு வைக்கச் சொல்லி எங்கே எழுதணும்?

நெய்தலன்: அம்மா, இந்தியா தன் பங்கான 13 பெயரையும் கொடுத்துவிட்டது. கதி, தேஜ் போய்விட்டன. அடுத்து முரசு. இனி இடம் புதுப் பட்டியல் போடும்போதுதான். அப்போதும் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும், மதம், அரசியல், ஆண் பெண் சாயல் கூடாது. 2013ல் இலங்கை கொடுத்த மகாசேன் ஒரு மன்னர் பெயர் என்று அங்கேயே எதிர்ப்பு கிளம்பி, புயல் கடலில் இருக்கும்போதே வியாரு என்று மாற்ற வேண்டியதாயிற்று.

கொண்டல்: முரசு நம்ம தமிழ்ப் பெயர்! நீரும் பட்டியலில் இருக்கு. ஆனா ஒவ்வொரு சுற்றிலும் வங்கதேசத்துக்கே முதல் இடம், அதைக் கேட்க ஆள் இல்லை.

நெய்தலன்: ஆங்கில அகரவரிசைப்படி நாடுகளை அடுக்கியிருக்கிறார்கள். இதில் சலுகை எங்கே வந்தது?

கொண்டல்: அகரவரிசையைத் தேர்ந்தெடுத்தது யார்? அதுதான் என் கேள்வி. அப்புறம் 2024ல வந்த புயலை ஃபெங்கல்னு எழுதுறாங்க, அது ஃபெங்கல் இல்லை, ஃபெஞ்சல். சவூதி கொடுத்த பெயர், அவங்க உச்சரிப்பு அது.

திசைமானி: ஃபெஞ்சல்னு நவம்பர் 26லயே செய்தியில சொன்னாங்க. எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நெய்தலன்: அதுவும் தப்பான செய்தி. 2024 நவம்பர் 26ல் அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் டெல்லி வானிலை மையம் வரிசையில் அடுத்த பெயரை எடுத்துக் கொடுக்கும். அது 29ஆம் தேதிதான் நடந்தது, மறுநாள் கரை கடந்தது. நடுவில் மூன்று நாள் பெயரில்லாத ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்.

கொண்டல்: மழைக்குப் பெயர் தெரியுமா? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கினப்போ எந்தப் பெயரும் இல்லை. அப்போ எதுக்கு இந்தப் பெயர் வைபவம்?

நெய்தலன்: பெயர் காற்றின் வேகத்தைப் பார்த்து வைப்பது, மழையைப் பார்த்து இல்லை. பெயரில்லை என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பது சரி, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2023 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். அரபிக்கடலில் தேஜ் ஏமனை நோக்கி, வங்கக் கடலில் ஹமூன் வங்கதேசத்தை நோக்கி, இரண்டும் ஒரே நேரத்தில். கடலில் இருக்கிறவனிடம் வானொலியில் எந்தப் புயல் என்று எப்படிச் சொல்வீர்கள்? எண் சொன்னால் குழம்பும்.

முத்துச்சிப்பி: அப்போ குலாப் எப்படி ஷாஹீன் ஆச்சு? ஒரே புயல்தானே?

நெய்தலன்: 2021ல் குலாப் ஆந்திரக் கரை ஏறி, நிலத்திலேயே வலுவிழந்து வெறும் தாழ்வுப் பகுதியாகிவிட்டது. மிச்சம் அரபிக்கடலுக்குப் போய் மறுபடி வலுத்தது. அதைப் புதுப் புயலாக எடுத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து இருந்த கத்தாரின் பெயரைக் கொடுத்தார்கள்.

திசைமானி: பாத்தீங்களா, ஒரே புயல் சுத்தி வந்து ரெண்டு பெயர் வாங்குது. சுத்தி வரும்னு நான் சொன்னது இதைத்தான்.

நெய்தலன்: நீங்கள் சொன்னது கஜா திரும்ப வரும் என்று. மேலே அப்படியே இருக்கிறது, அழிக்காமல் வையுங்கள். 2020 பட்டியலின் விதியிலேயே ஒரு பெயர் ஒருமுறைக்கு மேல் இல்லை என்று இருக்கிறது. திட்வாவோடு 26 போயிற்று, இன்னும் 143 இருக்கின்றன.

திசைமானி: 143ம் தீரட்டும், அப்போ பேசுவோம். கஜா வரும்.

முத்துச்சிப்பி: என் மகள் பெயர் ஆங்கிலத்தில் ஏழு எழுத்துதான்.