வயலட் நிறம் மங்குவதை போன் வீடியோவில் அளக்கிறேன். கோடு நேராக வரவே மாட்டேங்குது

பிளஸ்டூ_டீச்சர்

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு வினைவேகவியல் எடுக்கிறேன். முதல் வகை வினைன்னு கரும்பலகையில் மட்டும் போட்டுட்டுப் போக மனசு வரலை. பிள்ளைகள் கண்ணால் பார்த்து, தாங்களே k கண்டுபிடிக்கணும்னு ஆசை. எங்கள் பள்ளியில் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடையாது, போன் கேமராதான் இருக்கு.

கிரிஸ்டல் வயலட் கரைசலோடு NaOH சேர்த்தால் ஊதா மங்கி நிறமே இல்லாமல் ஆகும் இல்லையா, அதைத்தான் எடுத்தேன். 100 மில்லி பீக்கர். கலந்த பிறகு சாயம் 0.00001 மோலார், NaOH 0.05 மோலார். NaOH பல மடங்கு அதிகம் என்பதால் போலி முதல் வகையாக நடக்கணும். பின்னால் வெள்ளைச் சார்ட், ஜன்னல் வெளிச்சம், போன் ஸ்டாண்டில். பைத்தானில் ஒவ்வொரு ஃபிரேமிலும் பீக்கர் நடுவில் பச்சை சேனலின் சராசரியை எடுத்து, சார்ட்டின் மதிப்போடு விகிதம் போட்டு அப்சார்பன்ஸ் கண்டு, அதற்கு ln போட்டு நேரத்துக்கு எதிராக வரைந்தேன்.

நேர்கோடு வரணும். ஆனால் முதல் இரண்டரை நிமிஷம் கோடு படுத்தே கிடக்குது. பிறகு சரசரன்னு இறங்குது. கடைசியில் புள்ளிகள் கண்டபடி சிதறுது. நாலு தடவை செஞ்சுட்டேன், நாலும் இதே மாதிரி. விரல் நுனியெல்லாம் ஊதாவாகி மூணு நாளாச்சு, வழி மட்டும் தெரியலை. சாயம் முதலில் மெதுவாக வினைபுரிகிறதா, இல்லை அளப்பதில் தப்பா?

கேமரா_கதிர்

டீச்சர், இது காமா பிரச்சினை. நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன், வேதியியல் தெரியாது, ஆனால் இது தெரியும். பிக்சல் எண் 100 என்றால் 200-இல் பாதி வெளிச்சம்னு அர்த்தம் இல்லை. கேமரா வெளிச்சத்தை வளைத்துத்தான் எழுதும். எல்லா மதிப்பையும் 255-ஆல் வகுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்திட்டுப் பிறகு கணக்குப் போடுங்க, கோடு நிமிர்ந்துடும்.

இன்னொன்று, எக்ஸ்போஷரைப் பூட்டினீங்களா? திரையில் அழுத்திப் பிடிச்சால் பூட்டிக்கும். வெள்ளைச் சமநிலையையும் பூட்டணும்.

பிளஸ்டூ_டீச்சர்

கதிர் தம்பி, பூட்டவில்லை. நீங்க சொன்னதும் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சார்ட்டின் பச்சை மதிப்பு ஆரம்பத்தில் 231, முடிவில் 198. சார்ட்டை யாரும் தொடவில்லை! கரைசல் வெளுக்க வெளுக்கக் கேமராவே வெளிச்சத்தைக் குறைச்சிருக்கு. விகிதம் எடுப்பதால் அது ஓரளவு கழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

2.2 அடுக்கும் போட்டுப் பார்த்தேன். கோடு அப்படியே மொத்தமாக மேலே நகர்ந்தது, வளைவு மாறவே இல்லை.

கலவைமானி

மாறாது டீச்சர், ஏன்னு சொல்றேன். கேமரா வெறும் அடுக்காக மட்டும் வளைத்தால், பிக்சல் விகிதத்தின் மடக்கை உண்மையான அப்சார்பன்ஸில் 2.2-இல் ஒரு பங்காக வரும். எல்லாப் புள்ளிக்கும் அதே பங்குதான். அதன் மேல் இன்னொரு ln போட்டால் அந்த 2.2 ஒரு கூட்டல் எண்ணாகப் பிரிஞ்சு போயிடும், சாய்வைத் தொடாது. முதல் வகை வினைக்கு மட்டும் கிடைக்கிற சலுகை இது. இரண்டாம் வகையாக இருந்தால் k-யே தப்பாகியிருக்கும். கதிர் சொன்னதில் எக்ஸ்போஷர் பற்றியது முழுக்கச் சரி. காமாவும் உண்மைதான், ஆனால் உங்கள் வளைவுக்குக் காரணம் அது இல்லை.

காரணம் உங்கள் பீக்கர். 100 மில்லி பீக்கரின் உள்விட்டம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். கிரிஸ்டல் வயலட் 590 நானோமீட்டர் பக்கம் உச்சமாக உறிஞ்சும், அங்கே அதன் மோலார் உறிஞ்சல் எண் சுமார் 87,000. 87,000 × 0.00001 × 5 போடுங்க, 4.35 வருது. அதாவது அந்த நிறத்து வெளிச்சத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வருது. கேமரா பதிவதோ 256 படிகள். அப்போ பீக்கர் நடுவில் நீங்க பார்த்த எண் சாயத்தைத் தாண்டி வந்த வெளிச்சமே இல்லை. கண்ணாடியில் பட்டுத் தெறிச்சதும், பச்சை சேனலுக்குள் விழுந்தாலும் சாயம் அதிகம் உறிஞ்சாத 500 நானோமீட்டர் பக்கத்து வெளிச்சமும்தான். சாயம் பாதியாகக் குறைஞ்சாலும் அந்த எண் நகராது. அதுதான் படுத்துக் கிடக்கிற இரண்டரை நிமிஷம். வினை முதல் நொடியிலிருந்தே ஒழுங்காகத்தான் நடந்திருக்கு.

ஒரு சின்ன சோதனை: வீடியோவின் முதல் ஃபிரேமில் பீக்கர் நடுவில் பச்சை எவ்வளவு?

பிளஸ்டூ_டீச்சர்

14. ஒரு நிமிஷம் கழிச்சும் 14. இரண்டு நிமிஷத்தில் 17. சார், நாலு தடவையும் இதையே பார்த்துட்டு "கேமரா நிலையாக இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டேன்.

அயோடின்_அரவிந்த்

எனக்கும் இதே பிரச்சினை! பிஎஸ்சி இரண்டாம் வருஷம். அயோடின் கிளாக் செய்றேன், நீலம் எந்த ஃபிரேமில் திடீர்னு வருதுன்னு பார்த்து, ஃபிரேம் எண்ணை 30-ஆல் வகுத்து நேரம் எடுக்கிறேன். வீடியோ 38 நொடி சொல்லுது, கையில் ஸ்டாப்வாட்ச் 41 சொல்லுது. நீங்களும் எந்த ஃபிரேமில் நிறம் போச்சுன்னு பாருங்க டீச்சர், ln எல்லாம் எதுக்கு?

கலவைமானி

அரவிந்த், டீச்சரோடது வேற. உங்களுக்கு நிறம் ஒரே கணத்தில் வரும், அந்தக் கணம்தான் அளவு. இங்கே நிறம் "போகிற கணம்"னு ஒன்று கிடையாது, படிப்படியாகக் குறைஞ்சுகிட்டே இருக்கும்.

ஆனால் உங்கள் 3 நொடி டீச்சருக்கும் ஆபத்து. 38 நொடின்னா 1140 ஃபிரேம். உண்மையில் அது 41 நொடியில் ஓடியிருந்தால் நொடிக்கு 28-க்கும் குறைவு. வெளிச்சம் குறைஞ்சால் பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தானாகக் குறைச்சுடும். அதனால் ஃபிரேம் எண்ணை வகுக்காமல் கோப்பிலேயே இருக்கிற நேரத்தைக் கேளுங்க:

```python
import cv2, numpy as np
cap = cv2.VideoCapture("run5.mp4")
while True:
    ok, f = cap.read()
    if not ok:
        break
    t = cap.get(cv2.CAP_PROP_POS_MSEC) / 1000
    s = f[400:460, 300:340, 1].mean()
    w = f[400:460, 520:560, 1].mean()
    print(round(t, 2), round(np.log(w / s), 4))
```

`s` கரைசல், `w` ஒப்பீட்டுப் பகுதி. சதுரங்களின் எண்களை உங்கள் வீடியோவுக்கு ஏற்ப மாத்திக்கோங்க.

டீச்சர், 1 சென்டிமீட்டர் குவெட் இரண்டு பக்கத்துக் கல்லூரியில் கிடைக்குமான்னு கேளுங்க. ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கரைசல், இரண்டும் ஒரே ஃபிரேமில் பக்கத்துப் பக்கத்தில். சாயத்தையும் பாதியாக்குங்க. 87,000 × 0.000005 × 1, அதாவது 0.435-இல் ஆரம்பிக்கும். அதுதான் கேமராவால் பிரிச்சுப் பார்க்க முடிகிற இடம்.

சாயப்பட்டறை_செல்வி

நான் சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன். சாயத்தொட்டியில் எவ்வளவு சாயம் மிச்சம்னு அவசரத்துக்குப் போனில் பார்ப்போம், அதில் பட்ட அடியைச் சொல்றேன். வெள்ளை ஒப்பீடு தூரமாக இருந்தால் ஏமாத்தும். ஜன்னலில் மேகம் கடந்தால் ஒரு பக்கம் மட்டும் மங்கும். ஒப்பீடு கரைசலை ஒட்டியே இருக்கணும், வெளிச்சம் பின்னாலிருந்து வரணும். நாங்க எல்இடி பலகைக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி வச்சிருக்கோம்.

கிரிஸ்டல் வயலட் கண்ணாடியிலும் ஒட்டும் அக்கா. ஒரு தடவை பயன்படுத்தின குவெட்டை ஆல்கஹாலால் கழுவாமல் அடுத்ததுக்கு எடுக்காதீங்க. அந்தக் கறை கடைசிவரை போகாது, முடிவுப் பகுதியில் கோடு படுத்துக்கும்.

கேமரா_கதிர்

அப்போ பின்னாடி ஒரு போன் திரையில் முழு மஞ்சள் படம் வச்சால்? சாயம் மஞ்சளைத்தானே உறிஞ்சுது?

கலவைமானி

திரையில் தெரிகிற மஞ்சள் கண்ணுக்கு மட்டும்தான் மஞ்சள், கதிர். உள்ளே சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியுது, 590 பக்கம் குறைவுதான். கடையில் கிடைக்கிற மஞ்சள் எல்இடி அந்த அலைநீளத்தை ஒட்டியே ஒளிரும், அது நல்ல யோசனை. முதலில் செல்வி சொன்ன வெள்ளைப் பலகையே போதும்.

பிளஸ்டூ_டீச்சர்

ஐந்து நாள் கழிச்சு வர்றேன். கல்லூரியில் இரண்டு குவெட் கொடுத்தாங்க. சாயம் 1.5 மில்லி, 0.1 மோலார் NaOH 1.5 மில்லி. எக்ஸ்போஷர் பூட்டினேன், பின்னால் எல்இடி பலகையும் டிரேசிங் பேப்பரும்.

தண்ணீர் குவெட் ஆரம்பம் முதல் முடிவு வரை 210-ஐ விட்டு நகரலை. கரைசல் ஆரம்பத்தில் 158, 92 நொடியில் 182, 180 நொடியில் 195, 300 நொடியில் 204. 210/158-க்கு ln போட்டால் 0.285, 210/182-க்கு 0.143. 92 நொடியில் சரியாகப் பாதி! கோடு நேராக வந்திருக்கு. k நொடிக்கு 0.0075. பிள்ளைகள் கைதட்டினாங்க.

இரண்டு கேள்வி இருக்கு. நாலு நிமிஷத்துக்கு மேல் புள்ளிகள் இன்னும் சிதறுது. இன்னொன்று, NaOH-ஐ இரட்டிப்பாக்கினால் k-யும் இரட்டிப்பாகணும். 0.2 மோலார் எடுத்துச் செஞ்சேன், அதாவது கலந்த பிறகு 0.1. k 0.0135-தான் வந்தது, 1.8 மடங்கு. இரண்டு தடவை செஞ்சும் அதேதான்.

கலவைமானி

சிதறல் இயல்பு. 300 நொடியில் 210-க்கும் 204-க்கும் இடையே ஆறு படிதான். ஒரு படி தவறினால் அப்சார்பன்ஸில் ஆறில் ஒரு பங்கு தவறும், ln அதைப் பெரிசாக்கிக் காட்டும். 200-ஐத் தாண்டின புள்ளிகளைச் சாய்வுக்கு எடுக்காதீங்க. வெளிச்ச உச்சியில் கேமராவின் வளைவு வெறும் அடுக்காகவும் இருக்காது, அங்கே மட்டும் காமா பற்றிக் கதிர் சொன்ன கவலை பலிக்கும்.

1.8 விஷயம் சுவாரஸ்யம். சாயம் நேர்மின் அயனி, ஹைட்ராக்சைடு எதிர்மின் அயனி. கரைசலில் அயனிகள் கூடினால் இந்த இரண்டுக்கும் இடையேயான ஈர்ப்பு மறைக்கப்பட்டு வினை மெதுவாகும். NaOH-ஐ இரட்டிப்பாக்கும்போது அயனிச் செறிவையும் இரட்டிப்பாக்கிட்டீங்க. தோராயமாகக் கணக்குப் போட்டால் 2-க்குப் பதில் 1.75 வரும். உங்கள் 1.8 அதற்குப் பக்கத்தில் இருக்கு. ஆனால் அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். 0.1, 0.2 இரண்டையும் தனித்தனியாக எடை போட்டீங்களா, ஒன்றிலிருந்து ஒன்றை நீர்த்தீங்களா?

பிளஸ்டூ_டீச்சர்

தனித்தனியாக எடை போட்டேன் சார். டப்பா பழசு, வில்லைகள் ஈரம் பிடிச்சு ஒட்டியிருந்தது.

கலவைமானி

அப்போ இரண்டு காரணமும் உயிரோடதான் இருக்கு. ஒரே 0.2 கரைசலை நீர்த்து 0.1 செய்யுங்க. பிறகு 0.05 ஓட்டத்தில் மட்டும், கலந்த பிறகு 0.05 மோலார் இருக்கிற மாதிரி சாதா உப்பு சேருங்க, அயனிச் செறிவு இரண்டு ஓட்டத்திலும் ஒன்றாகிடும். அதே கரைசலில் உப்பில்லாமலும் ஒரு ஓட்டம் எடுங்க. உப்பு சேர்த்ததில் k பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் அயனிகள்தான். உப்பு சேர்த்தும் k மாறாமல் நின்றால் வில்லைகளைச் சந்தேகப்படுங்க. அறை வெப்பத்தையும் ஒவ்வொரு தடவையும் குறிச்சு வையுங்க, மதியமும் காலையும் ஒப்பிட்டால் அதுவே உங்களைக் குழப்பிடும்.

பிளஸ்டூ_டீச்சர்

ஐயோ, முதல் ஓட்டம் காலை முதல் பீரியட், 0.1 ஓட்டம் இரண்டும் மதியம்! வெப்பம் குறிக்கவே இல்லை. மதியம் சூடு கூடியிருந்தால் k அதிகமாகத்தானே வந்திருக்கணும், அப்போ உண்மையான விகிதம் 1.8-க்கும் கீழேயா? திங்கள்கிழமை இரண்டையும் ஒரே பீரியடில், உப்போடும் உப்பில்லாமலும் எடுத்துட்டு வந்து போடறேன்.