dx-ஐ மாற்றாமல் பிரதியிட்டேன், π/4-க்குப் பதில் 1 வருகிறது

யாழினி:
வணக்கம். y = √(1−x²) வளைகோட்டுக்குக் கீழே, x = 0 முதல் 1 வரை உள்ள பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் போட்ட படிகள்:

```
x = sin θ,  √(1−x²) = cos θ
x = 0 → θ = 0,  x = 1 → θ = π/2
∫ cos θ dθ = sin(π/2) − sin 0 = 1
```

விடை π/4 என்று இருக்கிறது. எல்லைகளைக்கூட மறக்காமல் மாற்றினேன். மூன்று முறை போட்டும் 1தான் வருகிறது. எங்கே தவறு?

முகிலன்:
dx-ஐ அப்படியே dθ என்று எழுதிவிட்டீர்கள். dx என்பது எந்த மாறியில் தொகையிடுகிறோம் என்று காட்டும் குறி, அவ்வளவுதான். பிரதியிட்டால் sin θ-வை வகையிட்டு வரும் cos θ-வால் பெருக்க வேண்டும் என்பது விதி. ∫ cos²θ dθ போட்டால் π/4 வந்துவிடும்.

யாழினி:
வந்துவிட்டது, நன்றி. ஆனால் வெறும் குறி என்றால் அதிலிருந்து ஒரு cos θ எப்படிப் பிறக்கிறது? அதுதான் உறுத்துகிறது.

செந்தில்:
உறுத்த வேண்டிய இடம்தான். முகிலன் சொன்ன கணக்கு சரி, "குறி மட்டும்" என்பது பாதிதான் சரி. அந்தப் பரப்பை நெடுக்காக மெல்லிய கீற்றுகளாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீற்றுக்கும் உயரம் √(1−x²), அகலம் dx. இரண்டையும் பெருக்கிக் கூட்டுகிறோம். ∫ என்பதே 1675-இல் லைப்னிட்ஸ் "கூட்டு" என்ற பொருளில் நீட்டி எழுதிய S.

நீங்கள் உயரத்தைச் சரியாக cos θ ஆக்கினீர்கள். அகலத்தைத்தான் கவனிக்கவில்லை. 0 முதல் 90° வரை பத்துப் பத்து பாகையாக ஒன்பது துண்டு போடுங்கள். பத்து பாகை என்பது 0.1745 ரேடியன். முதல் துண்டில் x 0-லிருந்து 0.1736 வரை போகிறது, கிட்டத்தட்ட அதே அகலம். கடைசித் துண்டில், 80°-லிருந்து 90° வரை, x 0.9848-லிருந்து 1-க்குத்தான் நகர்கிறது. அகலம் வெறும் 0.0152. அதை நீங்கள் 0.1745 என்று எடுத்தீர்கள், பதினோரு மடங்குக்கும் மேல். ஒன்பது அகலங்களும் சேர்ந்து 1 வர வேண்டும், உங்களுக்கு 1.57 வருகிறது. ஒவ்வொரு கீற்றையும் அதன் சரியான அகலத்துக்குச் சுருக்குவதுதான் dx = cos θ dθ-வில் உள்ள cos θ.

தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஆரத்தை 3 ஆக்குங்கள். √(9−x²)-இல் x = 3 sin θ. dx-ஐ விட்டால் விடை 3, சரியானது 9π/4, அதாவது சுமார் 7.07. நீளம் சென்டிமீட்டரில் இருந்தால் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வர வேண்டும், உங்கள் விடையோ வெறும் சென்டிமீட்டரில் நிற்கும். காணாமல் போன அந்த ஒரு சென்டிமீட்டர் dx-இல் இருந்தது. இந்த முறை விடை குறைந்திருப்பதையும் பாருங்கள். dx-ஐ விட்டால் எப்போதும் கூடுதலாகத்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தேன்மொழி:
எனக்கும் இதே பிரச்சினை என்று நினைக்கிறேன். ∫ x² dx, −1 முதல் 1 வரை. u = x² என்று வைத்தேன், dx-ஐயும் மாற்றினேன். இரண்டு எல்லையும் u = 1 ஆகிவிடுவதால் விடை பூச்சியம். ஆனால் 2/3 வர வேண்டும்.

செந்தில்:
இது வேறு தவறு, ஆனால் dx-ஐ முழுக்க எழுதினால் இதுவும் தெரிந்துவிடும். dx = du/(2x). இங்கே x-ஐ u-வில் எழுதப் பாருங்கள். வலப்பக்கம் √u, இடப்பக்கம் −√u. ஒரே dx-க்கு இரண்டு வடிவம் வருவதால் 0-வில் பிரித்தே ஆக வேண்டும். இரண்டு பாதியிலும் 1/3 கிடைக்கும்.

முகிலன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் du/dx பின்னம் இல்லை என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். நீங்களோ dx-ஐத் தனியாகப் பிரித்து வகுக்கிறீர்களே?

செந்தில்:
நியாயமான கேள்வி. பிரதியிடல் செல்லுபடியாவது சங்கிலி விதியால்தான், பின்னம் போல எழுதுவது அதற்கான சுருக்கெழுத்து. dx-ஐயே தனிப் பொருளாக வைத்துக் கட்டிய முறைகளும் இருக்கின்றன. 1960-களில் ஆபிரகாம் ராபின்சன் நுண்ணளவுகளை முறையான எண்களாகவே அமைத்துக் காட்டினார். எனக்கு அகலம் என்ற படம்தான் கைகொடுக்கிறது. அதுதான் dx-இன் உண்மையான பொருள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முகிலன்:
எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை, யோசிக்கிறேன்.

யாழினி:
ஒன்பது துண்டையும் கையால் போட்டுப் பார்த்தேன். உயரத்துக்கு 5°, 15° என்று ஒவ்வொரு துண்டின் நடுக்கோணத்தை எடுத்தேன். எல்லா அகலத்தையும் 0.1745 என்று வைத்தால் 1.001 வருகிறது. x உண்மையில் நகர்ந்த தூரத்தை வைத்தால் 0.784. π/4 என்பது 0.785.