ஒரே எஃப்ஐஆர், எனக்கு முன்ஜாமீன், அண்ணனுக்கு 13 நாள் சிறை: எங்கள் வீட்டு அனுபவம்

வரப்புக்காரன்:
முன்ஜாமீனுக்கும் சாதாரண ஜாமீனுக்கும் என்ன வித்தியாசம் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒரே வழக்கில் இரண்டும் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

2022இல், டெல்டா பக்கம் எங்கள் ஊரில், வாய்க்கால் வரப்பை வெட்டியது யார் என்று பங்காளி வீட்டோடு சண்டை. கைகலப்பாகிவிட்டது. அன்று இரவே எஃப்ஐஆர். நான் ஏ2, அண்ணன் ஏ1. போட்ட பிரிவுகள் 294(பி), 323, 506(1). எல்லாமே ஜாமீனில் விடக்கூடியவை என்பதால் மறுநாள் ஸ்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். முடிந்தது என்று நினைத்து நடவு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

ஆறாவது நாள் எதிர்த்தரப்பு எக்ஸ்ரேயோடு வந்தது. இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். மண்வெட்டிக் காம்பால் அடித்ததாக வாக்குமூலமும் கொடுத்திருந்தார்கள். எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம், ஆயுதமும் சேர்ந்தால் அப்போது 326, ஜாமீனில் விடாத பிரிவு. பிரிவை மாற்றி ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்கு அறிக்கை போய்விட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, வக்கீலின் குமாஸ்தா கோர்ட்டில் பார்த்துத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து முன்ஜாமீன் மனு போட்டோம். வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து விவரம் வர வேண்டும் என்று அரசு வக்கீல் கேட்டதால் செவ்வாய்க்குத் தள்ளிவைத்தார்கள். மனுதான் போட்டாச்சே, இனி கை வைக்க மாட்டார்கள் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்தார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு டீக்கடையில் வைத்துப் பிடித்தார்கள். கையில் கிளாஸ் அப்படியே இருந்ததாம். நான் அன்று கும்பகோணத்தில் மாமனார் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு முன்ஜாமீன் கிடைத்தது. அண்ணன் மனுவை, கைதாகிவிட்டதால் இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள். அவருக்குப் புதிதாக ஜாமீன் மனு. நடுவர் கோர்ட்டில் தள்ளுபடி, பிறகு அமர்வு நீதிமன்றத்தில் கிடைத்தது. உத்தரவு வந்த அன்றும் வெளியே வர முடியவில்லை. ஜாமீன்தாரர்களின் வீட்டு வரி ரசீதைச் சரிபார்த்து, விடுதலை உத்தரவு கிளைச் சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மொத்தம் 13 நாள். அம்மா அந்த 13 நாளும் வாசல் திண்ணையை விட்டு உள்ளே வரவில்லை.

செல்வி_கோவை:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். என் தம்பி நண்பனுடைய பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறான், அந்த நண்பன் இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. இப்போதே முன்ஜாமீன் வாங்கி வைக்கலாமா?

பழைய குமாஸ்தா:
செல்விம்மா, அது வேற ஜாமீன். கடன் பாக்கிக்கு பேங்க் பணத்தைக் கேட்டுத்தான் வரும், அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. பொய்ப் பத்திரம் கொடுத்தார்கள் என்பது மாதிரிப் புகார் இருந்தால்தான் முன்ஜாமீன் பேச்சே. பேங்க் நோட்டீஸ் வந்தால் சிவில் பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள்.

வரப்புக்காரன் தம்பி, 22 வருஷம் வக்கீல் ஆபீஸில் கட்டு சுமந்தவன் சொல்கிறேன். மனு போடுவது கைதுக்குத் தடை ஆகாது. விசாரணை முடியும்வரை கைது செய்யக் கூடாது என்று நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டால்தான் தடை. இன்னொன்றும் இருக்கிறது. மனுவின் நகல் அரசு வக்கீலுக்குப் போகும், அவர் ஸ்டேஷனில் கேட்பார். ஆக, மனு போட்ட சேதி ஸ்டேஷனுக்கு நம் மூலமாகவே போய்விடுகிறது. போட்ட நாளுக்கும் உத்தரவு வரும் நாளுக்கும் நடுவில்தான் ஆபத்து. நடுவில் சனி, ஞாயிறு வந்தால் இன்னும் மோசம். முதல் நாளே வக்கீல் எழுந்து இடைக்காலப் பாதுகாப்பு கேட்டிருக்க வேண்டும். கேட்டாரா?

வரப்புக்காரன்:
கேட்கவில்லை ஐயா. எங்களுக்கும் அப்படிக் கேட்கலாம் என்று தெரியாது.

மதுரை மைந்தன்:
எஃப்ஐஆர் போட்டதுமே முன்ஜாமீன் எடுத்திருக்க வேண்டும். எஃப்ஐஆர் இல்லாமல் எடுக்க முடியாது, இருந்த பிறகு தாமதிக்கக் கூடாது. எடுத்துவிட்டால் ஸ்டேஷன் பக்கமே போக வேண்டியதில்லை.

பழைய குமாஸ்தா:
சீக்கிரம் போக வேண்டும் என்பது சரி, மற்றது சரியில்லை. எஃப்ஐஆர் இல்லாமலும் கேட்கலாம். 1980இல் குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கைதாவோம் என்று நம்புவதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் வேண்டும், வெறும் பயம் போதாது. ஆனால் இவர்கள் முதல் நாளே போயிருந்தாலும் கிடைத்திருக்காது. ஜாமீனில் விடாத குற்றத்துக்குத்தான் முன்ஜாமீன். முதலில் போட்ட மூன்று பிரிவும் அப்படியில்லை. எதிராளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் காயச் சான்றில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிவு மாறிய அன்றே ஓட வேண்டும்.

கிடைத்த பிறகு ஸ்டேஷன் பக்கம் போகாமலும் இருக்க முடியாது. நிபந்தனை என்ன போட்டார்கள் தம்பி?

வரப்புக்காரன்:
15 நாளுக்குள் நடுவர் கோர்ட்டில் ஆஜராகி 10,000 ரூபாய்க்குப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அவர்கள் போட்டோ ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைத்தார்கள். அப்புறம் இரண்டு வாரம் தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அண்ணன் வெளியே வந்ததும் அவருக்கும் கிட்டத்தட்ட இதே நிபந்தனைதான். நான் உள்ளே போகாமல் கையெழுத்து போட்டேன், அவர் உள்ளே போய் வந்து போட்டார்.

நூருல்:
அந்த 15 நாளை யாரும் லேசாக எடுக்காதீர்கள். எங்கள் மச்சான் ஹைகோர்ட் உத்தரவை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார், முன்ஜாமீன் கையில் இருக்கிறதே என்ற தைரியம். குறித்த நாளுக்குள் ஆஜராகாவிட்டால் மனு தள்ளுபடி ஆனதாகக் கொள்ளப்படும் என்று உத்தரவின் கடைசி வரிகளில் இருந்தது, யாரும் படிக்கவில்லை. மறுபடி மனு போட்டு, ஏன் ஆஜராகவில்லை என்று விளக்கம் சொல்லி, நாய்படாத பாடு பட்டோம்.

பழைய குமாஸ்தா:
ஆமாம், நிறைய பேர் தடுக்கி விழுவது அங்கேதான். ஒழுங்காக ஆஜராகிவிட்டால் பிறகு கவலையில்லை. முன்ஜாமீனுக்குப் பொதுவாகக் காலக்கெடு கிடையாது, வழக்கு முடியும்வரை நிற்கலாம் என்று 2020இல் சுசீலா அகர்வால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இப்போது வழக்கு வருபவர்கள் பிரிவு எண்ணில் குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் முன்ஜாமீனுக்கான பழைய 438, புதிய சட்டத்தில் 482.

மதுரை மைந்தன்:
சரி, எஃப்ஐஆர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஆனால் மாவட்டக் கோர்ட்டில் நாளைக் கடத்துவதற்கு நேரே ஹைகோர்ட் கிளைக்குப் போயிருக்கலாமே?

பழைய குமாஸ்தா:
சட்டம் இரண்டுக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் கீழே ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். எங்கள் ஆபீஸில் எப்போதும் மாவட்டத்தில்தான் முதலில் போடுவோம்.

நூருல்:
எங்கள் வக்கீல் நேரே ஹைகோர்ட்டில்தான் போட்டார், எடுத்துக்கொண்டார்கள்.

வரப்புக்காரன்:
எனக்கு இன்னும் மனதை அரிக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனில் எழுதி வாங்கி விட்ட ஆளை, பிரிவைக் கூட்டிவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாமா?

பழைய குமாஸ்தா:
கோர்ட் ஜாமீனில் இருப்பவர் மேல் புதுப் பிரிவு சேர்ந்தால், கோர்ட்டில் உத்தரவு வாங்கித்தான் கைது செய்ய வேண்டும் என்று 2019இல் பிரதீப் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்டேஷன் ஜாமீனுக்கும் அது பொருந்தும் என்று எங்கள் சீனியர் வாதாடுவார், பொருந்தாது என்று அரசு வக்கீல் சொல்வார். இரண்டு விதமாகவும் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுடைய ரிமாண்ட் உத்தரவின் நகல் இருந்தால் எடுத்து வையுங்கள், அந்தக் கேள்வியை அன்றைக்கு யாராவது எழுப்பினார்களா என்று பார்க்க வேண்டும்.

வரப்புக்காரன்:
வக்கீல் ஆபீஸில் கட்டு இருக்கும். திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.