ஸ்கிரீனில் மேலும் கீழும் பட்டை தெரிகிறது, எப்படி எடுப்பது?

முகிலன்
வணக்கம், கொஞ்சம் அவசரம். வெள்ளைப் பக்கம் எதைத் திறந்தாலும் போனில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை தெரிகிறது. ரீஸ்டார்ட் செய்தாயிற்று, அப்டேட்டும் போட்டாயிற்று, போகவில்லை. பர்ன்-இன்னைச் சரிசெய்யும் ஆப் என்று ஒன்று இருக்கிறதாமே, கலர் கலராக மின்னுமாம். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் போய்விடும் என்கிறார்கள். போடலாமா?

தாமரை
எந்த மாதிரி ஸ்கிரீன், ஓஎல்இடியா எல்சிடியா? வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது? பட்டை எப்போதும் அப்படியே இருக்கிறதா, கொஞ்ச நேரத்தில் மங்கிப் போகிறதா? அப்புறம், பட்டை தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் பாருங்கள். அதிலும் தெரிந்தால் ஸ்கிரீனில் பழுது இல்லை, ஏதோ ஆப்தான் பட்டையை வரைகிறது. தெரியாவிட்டால் பேனலில்தான் கோளாறு.

வீரா
கேட்கவே வேண்டாம், பர்ன்-இன்தான். மேலே மணி, பேட்டரி காட்டுகிற வரி. கீழே மூன்று பட்டன் இருக்கிற வரி. இரண்டும் நாள் முழுக்க அசையாமல் ஒரே இடத்தில் நிற்கின்றன, அந்த இடம் தேய்ந்துவிட்டது. பட்டனை எடுத்துவிட்டு ஜெஸ்சருக்கு மாறுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பாரி
எனக்கும் இதே பிரச்சினை நண்பரே. நிறைய டைப் செய்துவிட்டு மூடினால் கீபோர்டு நிழல் மாதிரி நிற்கும், பத்து நிமிஷத்தில் போய்விடும். ஆப் எதுவும் போட்டதில்லை. என்னுடையது எல்சிடி. உங்களுக்கும் தானாகப் போய்விடும், பயப்படாதீர்கள்.

கதிரேசன்
மாதத்துக்கு நான்கு பேர் இதையே கேட்கிறார்கள், யாரும் பழைய இழைகளைத் தேடிப் பார்ப்பதில்லை. ஓஎல்இடி என்றால் தேயும். முதல் நாளிலேயே டார்க் மோட் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் மூன்று வருஷமாக டார்க் மோடில்தான் இருக்கிறேன், ஒரு புள்ளி நிழல்கூட இல்லை. பாரி, உங்கள் எல்சிடி கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பாதீர்கள்.

முகிலன்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஓஎல்இடிதான், வாங்கி இரண்டு வருஷம். ஸ்கிரீன்ஷாட்டில் பட்டை தெரியவில்லை. @வீரா, கீழே பட்டன் கிடையாது, முதல் நாளிலிருந்தே ஜெஸ்சர்தான்.

சுகந்தி
முகிலன், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு அளவுகோலை வைத்துப் பட்டையின் உயரத்தை அளங்கள். பட்டையின் ஓரம் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, பட்டை மற்ற இடத்தைவிட இருட்டாக இருக்கிறதா, வெளிச்சமாக இருக்கிறதா? பேனல் சோதனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள் என்பதால் கேட்கிறேன். வீரா சொல்கிற வரி பொதுவாக முக்கால் சென்டிமீட்டர்தான் இருக்கும், இருட்டாகவோ பழுப்பாகவோ தெரியும்.

முகிலன்
இப்போதுதான் அளந்தேன். மேலே ஒன்றரை சென்டிமீட்டர், கீழேயும் அதே ஒன்றரை. ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், பட்டை இரண்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கின்றன, நடுப்பகுதிதான் லேசாக மஞ்சள் அடிக்கிறது. ஸ்கிரீன் 6.5 இன்ச், 20:9.

சுகந்தி
அப்படியானால் கேள்வியே தலைகீழ். பட்டை தேயவில்லை. பட்டைதான் புதிதாக இருக்கிறது, நடுப்பகுதி முழுவதும் தேய்ந்திருக்கிறது.

கணக்கு இப்படி வருகிறது. 6.5 இன்ச், 20:9 ஸ்கிரீனின் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். போனைப் படுக்கவைத்து 16:9 வீடியோ பார்த்தால் நீளத்தில் இருபது பங்குக்குப் பதினாறு பங்குதான் படம். மீதி நான்கு பங்கு, பக்கத்துக்கு இரண்டாகக் கறுப்பாக நிற்கும். 15 சென்டிமீட்டரில் அது பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர், நீங்கள் அளந்த அதே அளவு. ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்தே கிடக்கிறது, தேய்வதில்லை. நடுவில் இருப்பவை எரிந்துகொண்டே இருக்கின்றன. இந்த போனில் யாரோ மணிக்கணக்காக வீடியோ பார்க்கிறார்கள், அதுவும் நல்ல வெளிச்சத்தில். சரியா?

முகிலன்
அப்பா. போன் அப்பாவுடையது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கண் சரியாகத் தெரியாது என்பதால் பிரைட்னஸை முழுதாக வைத்து ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது வீடியோ பார்ப்பார்.

தாமரை
நாளுக்கு ஐந்து என்றால் இரண்டு வருஷத்தில் 3,600 மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். அவ்வளவு நேரமும் அந்த இரண்டு பட்டையும் அணைந்தே இருந்திருக்கின்றன. சுகந்தி அக்கா, மஞ்சள் ஏன் அடிக்கிறது என்றும் சொல்லுங்கள். என் பழைய போனிலும் அப்படித்தான் ஆனது.

சுகந்தி
ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக எரிகின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. நீல ஒளியின் ஆற்றல் அதிகம், அதைத் தருகிற மூலக்கூறுகள் சீக்கிரம் உடைகின்றன. அதே மின்சாரம் போனாலும் முன்பு தந்த வெளிச்சத்தை அவை தருவதில்லை. வெள்ளையில் நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள். அதனால்தான் நிறைய பேனல்களில் நீலப் புள்ளியைப் பெரிதாக வைக்கிறார்கள், இடம் அதிகமானால் ஒவ்வொரு பகுதியும் மெதுவாக எரிந்தால் போதும்.

முகிலன், முழு நீலம், முழு சிவப்பு என்று இரண்டு படங்களை ஸ்கிரீன் நிரம்பத் திறந்து பாருங்கள். நீலத்தில் பட்டை நன்றாகத் தெரிந்து சிவப்பில் தெரியாமல் போனால், இது தேய்மானம்தான் என்று உறுதி. அதற்கு முன் ராத்திரி முழுக்க போனை அணைத்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். தற்காலிக நிழல் என்பது பிக்சலை இயக்குகிற டிரான்சிஸ்டரில் கொஞ்சம் மின்னூட்டம் சிக்கி நிற்பது, அது நிமிஷங்களில், அதிகம் போனால் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். காலையிலும் பட்டை இருந்தால் அது திரும்பி வராத தேய்மானம். பாரி சொன்ன நிழலும் கலைகிற வகைதான், காரணம் மட்டும் வேறு, அங்கே திரவப் படிகம்.

அந்த ஆப்பை மட்டும் போடாதீர்கள். தேய்ந்த பொருளை எந்த ஆப்பாலும் திரும்ப வளர்க்க முடியாது. முழு வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க மின்னவிட்டால் நடுப்பகுதிக்கு இன்னும் எட்டு மணி நேரத் தேய்மானம் சேரும், அவ்வளவுதான்.

செழியன்
எங்கள் வீட்டு ஓஎல்இடி டிவியில் பிக்சல் ரெஃப்ரெஷ் என்று ஒரு மெனு இருக்கிறது. போனிலும் செட்டிங்ஸில் தேடுங்கள், அதை ஓட்டினால் சரியாகிவிடும்.

சுகந்தி
டிவி ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. போனில் நீங்கள் ஓட்டக்கூடிய அப்படி ஒரு மெனுவை நான் பார்த்ததில்லை.

வீரா
சரி, என் ஊகம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் @கதிரேசன், டார்க் மோட் போட்டால் நிழலே வராது என்பதும் சரியில்லையே. இங்கே கறுப்பாக இருந்த இடம்தானே பட்டையாக நிற்கிறது! என் போனில் டார்க் மோட் போட்டபின் கடிகார எழுத்து தேய்ந்தது. சுற்றிலும் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை, அது மட்டும் தேயாமல் என்ன செய்யும்?

கதிரேசன்
உங்கள் ஒரு போனை வைத்து விதி எழுதாதீர்கள். கறுப்புப் பிக்சல் தேயாது, இது அடிப்படை. பெரும்பாலான பிக்சல்கள் அணைந்திருந்தால் மொத்தத் தேய்மானம் குறைவு. நான் இதைப் பல முறை விளக்கியிருக்கிறேன்.

வீரா
மொத்தத் தேய்மானத்தை யார் கேட்டார்கள்? கண்ணுக்குத் தெரிவது வித்தியாசம் மட்டும்தான். எல்லாமே சமமாகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கதிரேசன்
சமமாகத் தேய்வதற்காக வெள்ளைப் பின்னணியை எரியவிடச் சொல்கிறீர்களா? பேட்டரி யார் தருவது?

சுகந்தி
இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டார்க் மோட் தேய்மானத்தைக் குறைக்கும், ஆனால் வெளிச்சத்தைக் குறைக்காமல் விட்டால் அசையாத வெள்ளை எழுத்தைக் காப்பாற்றாது. நேர்க்கோட்டில் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இருந்தாலே கண் பிடித்துவிடும், அதே இழப்பு ஸ்கிரீன் முழுக்கப் பரவியிருந்தால் வருஷக்கணக்கில் கவனிக்கவே மாட்டோம். என்னைக் கேட்டால் மோடைவிடப் பிரைட்னஸ்தான் பெரிய விஷயம். பிக்சல் இரண்டு மடங்கு வெளிச்சமாக எரிந்தால் தேய்மானம் இரண்டோடு நிற்காது, மூன்று நான்கு மடங்கு வரை போகும். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம், சார்ஜ் போட்டுக்கொண்டே பார்ப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

முகிலனின் அப்பாவுக்கு நான் சொல்வது: பிரைட்னஸைப் பாதியாக்கி, விளக்கு வெளிச்சம் கண்ணில் படாத இடத்தில் உட்காரச் சொல்லுங்கள், படம் தெளிவாகவே தெரியும். வீடியோவை இரண்டு விரலால் விரித்து ஸ்கிரீன் நிரம்பப் பார்க்கப் பழக்குங்கள், பட்டை இருந்த இடமும் எரியத் தொடங்கும். புதிய பிக்சல் ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகத் தேயும், அதனால் சில மாதத்தில் வித்தியாசம் லேசாகக் குறையலாம். முழுதாக மறையும் என்று நான் சொல்லமாட்டேன்.

தாமரை
விரித்தால் படத்தின் மேலும் கீழும் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்படுமே அக்கா. கீழே எழுத்து ஓடுகிற வீடியோவில் எழுத்தும் போய்விடும். பாதி நேரம் விரித்தும் பாதி நேரம் சாதாரணமாகவும் பார்த்தால் போதாதா?

ஆறுமுகம்
இடையில் ஒன்று. நடுவில் கறுப்பு, இரண்டு ஓரமும் வெள்ளை என்று ஒரு படம் செய்து நாலைந்து ராத்திரி முழு வெளிச்சத்தில் வைத்தால் பட்டையும் தேய்ந்து சமமாகிவிடும். என் போனில் கீழே இருந்த பட்டன் நிழலை அப்படித்தான் மங்கவைத்தேன். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் அந்த இடத்தில் மெல்லிய ஆரஞ்சு நிறம் வந்திருக்கிறது.

சுகந்தி
அந்த ஆரஞ்சுதான் எனக்குப் பயம். வெளிச்சத்தைச் சமமாக்கினாலும் மூன்று நிறமும் அதே விகிதத்தில் தேயும் என்று உறுதி இல்லை. எப்போது நிறுத்துவது என்றும் தெரியாது, கொஞ்சம் தாண்டினால் பட்டை இருட்டாகிவிடும். என் போனில் நான் செய்யமாட்டேன்.

ஆறுமுகம்
நான் தினமும் காலையில் சாம்பல் நிறப் படம் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினேன். பொறுமை இருந்தால் முடியும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

முகிலன்
ராத்திரி அணைத்து வைத்தேன், காலையிலும் பட்டை அப்படியே இருந்தது. நீலத்தில் பளிச்சென்று தெரிந்தது, சிவப்பில் தேடியும் கிடைக்கவில்லை. ஆப் போடவில்லை. பிரைட்னஸைப் பாதியாக்கிவிட்டேன், விரித்துப் பார்க்கவும் காட்டிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பட்டையே கண்ணில் படவில்லையாம், ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்கிறார். நன்றி சுகந்தி அக்கா, தாமரை.

பாரி
முகிலன், மூன்று மாதம் கழித்து அதே நீலப் படத்தை வைத்துப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். பட்டை குறைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.