சார்ஜில் சூடு, சதவீதம் தாவுது: பேட்டரியா, போர்டா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் மொபைல் சர்வீஸ் பார்க்கும் அண்ணன்மார் யோசனை சொல்லுங்க. நாலு வருஷப் பழைய ஆண்ட்ராய்டு போன். சார்ஜ் போட்டால் முதுகின் நடுவில் சூடு. சார்ஜ் சதவீதம் 38-லிருந்து திடீரென 52. வயரைப் பிடுங்கினால் 45-க்கு இறங்குது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாச்சு. கவரைக் கழற்றியதும் சூடு கொஞ்சம் குறைந்தது, தாவல் நிற்கலை. கவர் சூட்டை அடைத்து வைக்குமே தவிர சதவீதத்தைத் தொடாது! அதே சார்ஜரில் வேறு கேபிள், பிறகு அதே கேபிளில் வேறு சார்ஜர், மாற்றமில்லை. கேபிளோ பின்னோ கோளாறென்றால் சொருகும் இடம்தான் முதலில் சுடும், இங்கே அது சுடவேயில்லை. சேஃப் மோடிலும் இதே கதை, அதனால் நாமாகப் போட்ட ஆப் மேல் சந்தேகமில்லை.

வயரை எடுத்து அரைமணி விட்டு `*#*#4636#*#*` போட்டால், திரையில் 45 சதவீதம், ஆனால் 3.7 வோல்ட். 3.8 பக்கம் இருக்கணும். உள்தடை ஏறிய பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது வோல்ட் பொய்யாக உயரும், எடுத்ததும் விழும். சூடும் அதனால்தான் என்று கணக்கு. பின்மூடி உப்பலை.

பேட்டரி வாங்குமுன் போர்டில் சார்ஜிங் ஐசி பக்கம் எதை அளந்து பார்க்கணும்?